நாடியைப் பார்க்கப் பார்க்க ஏறுகிறது

கேள்வி: டொக்டர், எனக்கு 33 வயது, கொக்குவில். ஸ்மார்ட் வாட்ச் கட்டி நாலு மாதம். இரவு இரண்டு மணிக்கு முழித்துப் பார்த்தால் நாடி 84, திரும்பப் பார்த்தால் 102, பிறகு 117. ஈசிஜி, எக்கோ, தைரொயிட் எல்லாம் சரி என்றார்கள். ஆனாலும் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை பார்க்கிறேன். என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய மூன்று எண்களிலேயே விடை கிடக்கிறது. முதல் எண்ணைக் கண்டு பயந்தீர்கள், பயத்தில் அட்ரினலின் சுரந்தது, அது இருதயத்தை விரட்டியது, அந்த விரட்டலைத்தான் வாட்ச் 102 என்று காட்டியது. நீங்கள் பார்த்ததால் ஏறிய நாடி அது.

இப்போது உங்கள் வாட்சின் செயலியைத் திறந்து, அந்த இரவின் வரைபடத்தில் இரண்டு மணிக்கு முந்திய பகுதியைப் பாருங்கள். அனேகமாக ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ அமைதியாகக் கிடந்த கோடு, நீங்கள் முழித்த பிறகுதான் மேலேறியிருக்கும். இருதயத்தைப் பற்றி நம்பக்கூடிய செய்தி அந்த அமைதியான பகுதியில்தான், நீங்கள் பார்த்துக்கொண்டிராத நேரத்தில் இருக்கிறது.

வாட்ச் தோலுக்குள் பச்சை வெளிச்சம் அடித்து, இரத்தம் வந்து போவதை வைத்துத்தான் எண்ணுகிறது. பட்டி தளர்ந்திருந்தாலோ, குண்டும் குழியுமான ஒழுங்கையில் சைக்கிள் ஓடினாலோ ஆட்டத்தையும் துடிப்பாக எண்ணிவிடும். நடக்கும்போது சிலவேளை காலடியையே நாடி என்று காட்டும். ஆகவே ஓடியாடும்போது திடீரென்று 150 என்று வந்தால், நின்று, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒரு தடவை போதும். (அதையும் அறுபது தடவை செய்யத் தொடங்கிவிடாதீர்கள்!)

சரி, செய்ய வேண்டியது: வாட்ச் முகப்பிலிருந்து நாடியை எடுத்துவிடுங்கள், இரவில் கழற்றி அடுத்த அறையில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், தேத்தண்ணிக்கு முதல், ஓய்வுநாடியின் வாரச் சராசரியைப் பாருங்கள். போன வாரம் 66, இந்த வாரம் 69 என்றால் அதில் ஒன்றுமில்லை. காய்ச்சல், நித்திரைக் குறைவு, வெயிலில் தண்ணீர் குடிக்காதது எல்லாம் சில துடிப்புகளை ஏற்றும்.

இடையில் பார்க்கச் சொல்லிக் கை துடிக்கும். அப்போது பார்க்காமல் இருபது நிமிடம் இருந்தால் அந்த உந்தல் தானாகத் தணிவதைக் காண்பீர்கள். முதல் வாரம் கஷ்டம்தான்.

எப்போது வர வேண்டும்? சும்மா இருக்கும்போதே பத்து நிமிடத்துக்கு மேல் 120ஐத் தாண்டி நின்றால், அல்லது துடிப்பு தாறுமாறாக ஓடுவது தெரிந்தால், அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் வாட்ச் என்ன காட்டினாலும் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். இது ஒன்றும் இல்லாமல், ஒரு மாதம் கழித்தும் வாட்சைப் பார்ப்பது குறையவில்லை என்றால் மனநல கிளினிக் பக்கம் வாருங்கள். வரும்போது வாட்சை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு நாளில் எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று எழுதிய துண்டைக் கொண்டுவந்தால் போதும்.