மின் மீட்டர் பதிவேட்டில் விடுபட்ட கட்டங்கள்

> “எங்கள் குடியிருப்பின் பொது மீட்டர் பதிவேட்டில் முன் ரீடிங், இப்போதைய ரீடிங், யூனிட் என மூன்று பத்திகள். ஜனவரி: 4120, 4310, 190. மார்ச்சில் 4525 மட்டும் இப்போதைய ரீடிங்காக இருக்கிறது. மே வரிசை முழுக்கக் காலி. ஜூலையில் இப்போதைய ரீடிங் 5005 மட்டும். சராசரி போட்டு நிரப்பலாமா?”

மார்ச்சுக்குச் சராசரியே தேவையில்லை. ஒரு வரிசையின் இப்போதைய ரீடிங்தான் அடுத்த வரிசையின் முன் ரீடிங். ஜனவரியில் அது சரியாக வருகிறது: 4310 − 4120 = 190. எனவே மார்ச்சின் முன் ரீடிங் 4310, யூனிட் 215. மேயின் முன் ரீடிங் 4525. இடையில் மீட்டரை மாற்றியிருந்தால் மட்டும் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். அதை முதலில் விசாரியுங்கள்.

மே, ஜூலை இரண்டுக்கும் சேர்த்து 5005 − 4525 = 480 யூனிட். அதற்கு மேல் இந்த அட்டவணை எதுவும் சொல்லவில்லை. 240, 240 என்று பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் கற்பனை. கோடையில் தண்ணீர் மோட்டார் கூடுதலாக ஓடியிருக்கலாம். பழைய பில்லில் ஜூலைக்கு 210 என்று கிடைத்தால் மே 270, அதன் ரீடிங் 4795 என்று தானே விழுந்துவிடும்.

அதுவரை காலியாகவே விடுங்கள். பூஜ்யம் போடாதீர்கள், சராசரி கெட்டுவிடும். குறிப்புப் பத்தியில் “மே + ஜூலை = 480” என்று எழுதினால் போதும். கணக்கிட்டு நிரப்பியவற்றை வேறு நிற மையில் எழுதுங்கள்.