இரண்டு பொருள் வந்தால் எது எழுவாய்?

“‘தலைமையாசிரியர் மாணவர்களுக்குப் பரிசுகள் வழங்கினார்’ என்பதை என் மகள் ‘மாணவர்கள் தலைமையாசிரியரால் பரிசுகள் வழங்கப்பட்டனர்’ என்று செயப்பாட்டு வினைக்கு மாற்றினாள். தப்பாம். ஏன்? கேள்வி, கட்டளை வாக்கியங்களிலும் தடுமாறுகிறாள். – தக்கலை அம்மா”

அக்கா, இது ஆங்கில வகுப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே மாணவர்கள், பரிசுகள் இரண்டில் எதையும் எழுவாய் ஆக்கலாம். தமிழில் ‘ஐ’ ஏற்கும் சொல்தான் எழுவாயாகும். ‘கு’ ஏற்ற சொல் அசையாது. இங்கே ‘ஐ’ மறைந்திருப்பதால்தான் சிக்கல். ‘பரிசுகளை வழங்கினார்’ என்று சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள், பிடிபட்டுவிடும்.

விடை: தலைமையாசிரியரால் மாணவர்களுக்குப் பரிசுகள் வழங்கப்பட்டன.

முடிவைப் பாருங்கள். வினை இப்போது பரிசுகளுக்குக் கட்டுப்பட்டது, அதனால் ‘பட்டன’. ‘பட்டது’ என்று எழுதினால் அங்கேயும் மதிப்பெண் போகும்.

‘யார்’ என்று கேட்கும் கேள்வியில் ‘ஆல்’ வினாச்சொல்லிலேயே ஏறும்: ‘மாத்தூர் தொட்டிப்பாலத்தை யார் கட்டினார்?’ என்பது ‘மாத்தூர் தொட்டிப்பாலம் யாரால் கட்டப்பட்டது?’ ஆகும். வினாக்குறியை விட்டுவிடக் கூடாது.

கட்டளையில் ‘கதவை மூடு’ என்றால் ‘கதவு மூடப்படட்டும்’. வீட்டில் யாரும் இப்படிப் பேச மாட்டோம், தேர்வுக்கு மட்டும்தான்! ‘உன்னால்’ சேர்க்க வேண்டாம். ‘ஓடு’ போன்றவற்றில் ‘எதை?’ என்று கேட்டால் பதில் வராது. அவற்றை மாற்றவே முடியாது.