பந்து வரும்போது முகத்தைத் திருப்பும் பிள்ளைகளுக்குப் பிடிக்கக் கற்பிப்பது எப்படி?

கேள்வி: நான் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. உடற்கல்வி ஆசிரியர் இல்லாததால் விளையாட்டுப் பாடவேளையையும் நானே பார்க்கிறேன். 32 பிள்ளைகள், 40 நிமிடம். வாலிபால் இரண்டு, த்ரோபால் இரண்டு, ரப்பர் பந்து நான்கு இருக்கின்றன. பந்து வந்தாலே பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் அல்லது நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளால் ஒழுங்காகப் பந்து பிடிக்க எப்படிக் கற்றுத்தருவது?

பதில்: முகம் திரும்புவதைப் பிள்ளையின் குறையாகக் கொள்ளாமல், பந்தும் எறிபவரும் அப்பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்பதன் அறிகுறியாகக் கொள்ளுங்கள். காற்று இறுக்கமாக அடைத்த பந்து, எங்கே வரும் என்று சொல்ல முடியாத எறி, ஏற்கெனவே மூக்கில் ஒருமுறை பட்ட அனுபவம் ஆகிய மூன்றும் சேரும்போது கண் தானாகவே மூடிக்கொள்ளும். “பயப்படாதே, பந்தைப் பார்” என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த அனிச்சைச் செயல் அடங்காது. பந்தை மென்மையாக்கி, எறியை மெதுவாக்கினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானே குறைந்துவிடும். ஆகவே திருத்தத்தைப் பிள்ளையின் கையிலிருந்து தொடங்காமல் பந்திலிருந்து தொடங்க வேண்டும்.

வாலிபாலின் எடை 260 முதல் 280 கிராம் வரைதான் என்றாலும், முழுக் காற்றுடன் வந்தால் ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல் நுனியைச் சுண்டிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கும் அளவுக்குக் காற்றைக் குறையுங்கள். ஆனால் தரையில் போட்டால் பிள்ளையின் இடுப்பளவாவது எழும்ப வேண்டும். த்ரோபால் சற்றுப் பெரியது, கனமும் கூடுதல் என்பதால், முதல் இரண்டு வகுப்புகளில் அதைத் தரையில் ஒருமுறை குத்தி எழும்பவிட்டுப் பிடிப்பதற்கு மட்டும் வையுங்கள். இவற்றோடு, ஆளுக்கொரு காகிதப் பந்தை முந்தைய நாளே பிள்ளைகளைக் கொண்டு செய்துவிடலாம். நான்கைந்து செய்தித்தாள்களைக் கசக்கி உருட்டிப் பழைய காலுறைக்குள்ளோ துணிக்குள்ளோ திணித்து முடிச்சுப் போட்டால் போதும். அது முகத்தில் பட்டாலும் வலிக்காது, தவறினாலும் உருண்டு ஓடாது. ஒரு பந்தைச் சுற்றி எட்டுப் பேர் வரிசையில் காத்து நிற்கும் வகுப்பில், ஒரு பாடவேளைக்குள் ஒரு பிள்ளைக்கு ஐந்தாறு வாய்ப்புகள்தான் கிடைக்கும். கையில் ஆளுக்கொரு பந்து இருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே ஐம்பது முறையாவது பிடித்துப் பார்த்துவிடுவார்கள்.

மணி அடிப்பதற்கு முன் மைதானத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். பல பிள்ளைகள் வெறுங்காலோடு இருப்பார்கள் என்பதால் கண்ணாடித் துண்டு, நெருஞ்சி முள், கூரான கல் ஆகியவற்றை அகற்றியாக வேண்டும். கொடிக்கம்பத்து மேடை, குழாயடிச் சிமெண்டுத் தளம், சாலையோரம் ஆகியவற்றிலிருந்து தள்ளிக் கோடு போடுங்கள். எறிபவரும் பிடிப்பவரும் வடக்கும் தெற்குமாக நிற்கும்படி சுண்ணாம்புக் கோட்டை இழுத்தால், காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் யார் கண்ணிலும் நேராக அடிக்காது. கிழக்கு நோக்கி நிற்கும் பிள்ளை பந்தைத் தவறவிட்டால் அதற்குக் காரணம் கை இல்லை, சூரியன். வளையல், மோதிரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, நீண்ட காதணி ஆகியவற்றைக் கழற்றி வகுப்பறையிலேயே வைக்கச் சொல்லுங்கள். நகம் நீளமாக இருந்தால் வெட்டிய பிறகே இறக்குங்கள். மூச்சிரைப்பு, வலிப்பு, இதய நோய் உள்ள பிள்ளைகள் யார் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு அறிந்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்த பிறகே வகுப்பைத் தொடங்குங்கள்.

உடலைச் சூடேற்ற ஏழு நிமிடம் போதும். நின்ற இடத்தில் தசையை நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகள் இந்த வேலைக்குத் தேவையில்லை. முதலில் வேகநடை, பிறகு மெல்லோட்டம், பக்கவாட்டில் கால் வைத்து நகர்தல், தோளை முன்னும் பின்னுமாகச் சுழற்றுதல், விரல்களை அகல விரித்து மூடுதல் என்று போகட்டும். விசில் ஒலித்ததும் அனைவரும் ஒரே நிலையில் உறைந்து நிற்க வேண்டும் என்பதை இதற்குள்ளேயே ஒரு விளையாட்டாகச் சேர்த்துவிடுங்கள். அந்த நிலையில் கால்கள் தோளகலம் விரிந்திருக்கும், முழங்கால் சற்று மடிந்திருக்கும், முழங்கை மடிந்து இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னே இருக்கும். இதுதான் பந்தை எதிர்பார்க்கும் தயார் நிலை. பந்தே இல்லாமல் ஏழெட்டு முறை இப்படி நின்றுவிட்டால் பிறகு தனியாக விளக்க வேண்டியிருக்காது. விசிலுக்கு நிற்கும் பழக்கமும் பாதுகாப்புக்கு உதவும்.

பிடிப்பதில் பிள்ளை அறிய வேண்டியவை மூன்றுதான். முதலாவது, பந்து உடலுக்கு வரும்வரை காத்திராமல் கையை முன்னே நீட்டி அதைச் சந்திக்க வேண்டும். இரண்டாவது, இடுப்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தை நோக்கிக் கட்டைவிரல்கள் அருகருகே இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வருவதற்கு விரல்கள் தரையை நோக்கிச் சுண்டுவிரல்கள் அருகருகே இருக்க வேண்டும். எந்த நிலையிலும் விரல் நுனி பந்தை நேராகக் குத்திக்கொண்டு நிற்கக் கூடாது, ஏனெனில் விரல் சுளுக்குவது பெரும்பாலும் அப்படித்தான். மூன்றாவது, பந்து பட்டதும் முழங்கையை மடக்கிக் கையை உடலை நோக்கி இழுக்க வேண்டும். 5 செ.மீ. தூரத்தில் நிறுத்தும் பந்தை 20 செ.மீ. தூரம் இழுத்து நிறுத்தினால் கையில் படும் விசை சராசரியாக நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வலியும் குறையும், பந்து எகிறிப் போவதும் குறையும். இம்மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாமல், ஒரு கட்டத்துக்கு ஒன்று என்று சொல்லுங்கள்.

முதல் கட்டத்தில் பிள்ளை தனக்குத்தானே எறிந்துகொள்ளட்டும். காகிதப் பந்தைக் கண் உயரத்துக்கு எறிந்து பிடித்து, பிறகு தலைக்கு மேலே, பிறகு இன்னும் உயரே என்று போகலாம். கையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் எழும் பந்து திரும்பி வர ஏறத்தாழ 0.9 நொடி ஆகும், அரை மீட்டர் எழுந்தால் 0.64 நொடிதான். உயரம் கூடினால் நேரம் கிடைக்கிறது, ஆனால் பந்து வேகமாக இறங்குகிறது என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற உயரம் எது என்று கவனியுங்கள். எறிவதும் பிடிப்பதும் ஒரே ஆளாக இருப்பதால் பந்து எப்போது எங்கே வரும் என்பது பிள்ளைக்குத் தெரியும். ஆகவே இங்கே முகம் அரிதாகவே திரும்பும்.

இரண்டாம் கட்டத்தில் நால்வர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஒரு பந்து. ஒருவர் எறிவார், ஒருவர் பிடிப்பார், மூன்றாமவர் பிடிப்பவருக்குப் பின்னால் நான்கு எட்டு தள்ளி நின்று தவறிய பந்தை எடுத்துத் தருவார், நான்காமவர் பக்கத்தில் நின்று எண்ணுவார். ஐந்து எறிகளுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளட்டும். குழுக்களுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். எல்லாக் குழுவிலும் எறிபவர்கள் ஒரே பக்கம் நின்று ஒரே திசையில்தான் எறிய வேண்டும். இன்னொரு குழுவின் இடத்துக்குள் போன பந்தை எடுக்க யாரும் ஓடக்கூடாது, அந்தக் குழுவே உருட்டிவிடும். எறிபவருக்கும் பிடிப்பவருக்கும் இடையில் 3 மீட்டர். எறிபவர் இரண்டு கைகளாலும் கீழிருந்து எறிந்து, தன்னிலிருந்து 2 மீட்டர் தள்ளியுள்ள சுண்ணாம்பு வட்டத்தில் பந்தைக் குத்தவிட வேண்டும். குத்தி எழும் பந்து வேகம் குறைந்து இடுப்பளவில் வரும் என்பதால் பிடிப்பவருக்குக் கணிக்க நேரம் கிடைக்கும். இங்கே நீங்கள் கண்காணிக்க வேண்டியது பிடிப்பவரை அல்ல, எறிபவரைத்தான். வட்டத்தில் குத்தாத எறியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஐந்தில் நான்கைக் கையால் மட்டும், நெஞ்சில் படாமல் பிடித்தவர்கள் மூன்றாம் கட்டத்துக்குப் போகலாம். அதில் பந்து தரையில் படாமல் 2 மீட்டரிலிருந்து நேராக வயிற்றுக்கு வரும். இதற்கு வாலிபாலும் ரப்பர் பந்தும் போதும். த்ரோபால் கிடைத்த குழு காகிதப் பந்தை எடுத்துக்கொள்ளட்டும். அதன்பின் தூரத்தை 3 மீட்டராக்குவது, உயரத்தை மாற்றுவது, ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து பிடிக்க வைப்பது, சிறிய பந்துக்கு மாறுவது என வரிசையாக வரட்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். தூரத்தையும் பந்தையும் சேர்த்து மாற்றிவிட்டால், பிள்ளை தடுமாறும்போது எதனால் என்று உங்களுக்கே தெரியாது. ஐந்தில் இரண்டுக்குக் குறைவாகப் பிடிப்பவரை முந்தைய கட்டத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது வயதோடு வரும் ஒரு படிநிலை. அதைத் தவறு என்று சொல்லாமல், முழங்கையை உடலிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னால் மாறத் தொடங்கும். கை தட்டுவதுபோல் மூடி, பந்து நடுவில் புகுந்து நழுவுகிறது என்றால் கைகள் தொடக்கத்திலேயே அகன்றிருக்கின்றன என்று பொருள். மூன்றாம் கட்டத்திலும் முகம் திரும்பும் ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். அவள் கையைப் பார்க்காமல் முகவாயைப் பாருங்கள். பந்து எறிபவரின் கையை விட்டகன்ற கணத்திலேயே அது தோள்பக்கம் போகும், பந்து பிறகுதான் வந்து சேரும். அவளுக்குக் காகிதப் பந்தைக் கொடுத்து, ஒன்றரை மீட்டரில் நீங்களே நின்று மெதுவாக எறியுங்கள். பந்தின் துணியில் பெரிதாக ஓர் எண்ணை எழுதி, பந்தைப் பிடிக்கும் முன் அந்த எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணைப் படிக்கக் கண் திறந்திருந்தாக வேண்டும், முகமும் நேராக இருந்தாக வேண்டும். பிடிக்காவிட்டாலும் எண்ணைச் சரியாகச் சொன்னால் அதை வெற்றியாகக் கணக்கிடுங்கள். அவள் தொடர்ந்து எண்ணைச் சரியாகச் சொல்லும்வரை ரப்பர் பந்தைக் கொடுக்க வேண்டாம். ஓரிரு வகுப்புகளுக்குப் பிறகும் எண் தெரியவில்லை என்றாலோ, எப்போதும் ஒரே பக்கத்துப் பந்தைத் தவறவிட்டாலோ கண் பரிசோதனைக்குப் பரிந்துரையுங்கள்.

விரலில் அடிபட்டால் நம் ஊரில் உடனே பிடித்து இழுத்துச் சொடுக்கு எடுப்பார்கள். அதை எவரும் செய்ய விடாதீர்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியோ குளிர்ந்த நீரோ பத்து நிமிடம் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். விரல் நுனியைத் தானாக நிமிர்த்த முடியவில்லை, வளைந்து தெரிகிறது, வீக்கம் கூடுகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடைசி ஐந்து நிமிட விளையாட்டில், தவறவிட்டவர் வெளியேற வேண்டும் என்ற விதியை வைக்காதீர்கள். அப்படி வெளியே உட்காருபவர்தான் பயிற்சி அதிகம் தேவைப்படுபவர். நால்வர் குழு தரையில் விழாமல் தொடர்ந்து எத்தனை முறை கைமாற்றுகிறது என்று எண்ணவையுங்கள். நேரம் குறித்து வேகப்போட்டி நடத்தினால் எறி முரட்டுத்தனமாகிவிடும், எனவே நான்கைந்து வகுப்புகள் கழியும்வரை அதைத் தள்ளிவையுங்கள். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் எந்தக் கட்டத்தில் நின்றார் என்பதை வருகைப் பட்டியலின் ஓரத்தில் எண்ணாகக் குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பை அதற்கு ஒரு கட்டம் முன்னிருந்து தொடங்குங்கள்.