ஐம்பது வாசகத்துக்கு எங்கே போவது?

கேள்வி: மரச்செக்கு நல்லெண்ணெய்க் கடைக்கு விளம்பர வாசகம் வேண்டும். ஐம்பது எழுதி மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அத்தனை எப்படி எழுதுவது?

இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்றில் எண்ணெய் சார்ந்த ஏழு சொற்கள்: எள், செக்கு, கருப்பட்டி, மணம், சொட்டு, பிண்ணாக்கு, தூக்கு. மற்றதில் வாங்குபவர் வீட்டுச் சொற்கள்: இட்லிப்பொடி, சனிக்கிழமை, தலைமுழுக்கு, பாட்டி, தாளிப்பு, விளக்கு, ஊறுகாய். குறுக்கே இணைத்தால் 49 ஜோடி. ஜோடிக்கு ஒரு வரி, அரை நிமிடம். அசடாக வந்தாலும் அடிக்காதீர்கள். ‘சொட்டு’ம் ‘இட்லிப்பொடி’யும் சேர்ந்தால் “பொடி காத்திருக்கிறது, ஒரு சொட்டு!” ‘செக்கு’ம் ‘சனிக்கிழமை’யும் சேர்ந்தால் “வெள்ளியன்று செக்கில், சனியன்று தலையில்.”

கழிப்பதை மறுநாள் செய்யுங்கள். நெய்க் கடைக்கும் பொருந்தும் வரியை முதலில் அடியுங்கள். “தூய்மையே எங்கள் உயிர்” வகையறா அங்கேயே போய்விடும். மிஞ்சியதை வீட்டாரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி, மாலையில் கேளுங்கள். அவர்கள் பிசகாமல் திருப்பிச் சொல்லும் வரிகளிலிருந்து மூன்றை எடுங்கள்.