அம்மாவுக்குக் காலமை ஆறு மணிக்குப் போய்ச் சேர

"அண்ணை, திருமலையில இருந்து லண்டன் வந்து மூண்டு மாசம். எனக்கு இரவு வேலை, போனை லாக்கருக்குள்ள பூட்டிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போகவேணும். அம்மாவின்ட பிறந்தநாளுக்கு ஊர் நேரம் காலமை ஆறு மணிக்கு வாழ்த்து போகிற மாதிரி ஐபோன்ல ஒரு வழி இருக்கோ?"

இருக்கு தம்பி. ஆனா அம்மாவின்ட கையில இருக்கிறதும் ஐபோன்தானோ எண்டு முதல்ல பாரும். மெசேஜஸைத் திறந்து அம்மாவின்ட பெயரைத் தட்டினா, எழுதுற பெட்டிக்குள்ள மங்கலா iMessage எண்டு இருக்கவேணும். Text Message எண்டு கிடந்தா இந்த வசதி உமக்கு உதவாது. சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இது இல்லை.

உம்மட போன்ல ஐஓஎஸ் 18 அல்லது அதுக்குப் பிந்தினது இருக்கவேணும். பெட்டிக்குப் பக்கத்தில இருக்கிற கூட்டல் குறியைத் தட்டி, வாற பட்டியல்ல Send Later எண்டதை எடும். கண்ணில படாட்டி பட்டியலை மேல தள்ளிப் பாரும். நேரத்தைத் தட்டி நாளையும் மணியையும் வைச்சு, எழுதி, அம்புக்குறியை அமத்தும். புள்ளிக்கோட்டுக் கரையோட செய்தி நிண்டா அது காத்திருக்குது எண்டு அர்த்தம். 14 நாளுக்கு மேல முன்கூட்டி வைக்க விடாது.

லாக்கரைப் பற்றிக் கவலைப்படாதையும். வைச்ச செய்தி குறியாக்கம் செய்யப்பட்டு ஆப்பிளின்ட சேர்வரில கிடக்கும். நேரம் வர அங்கயிருந்துதான் போகும், உம்மட போன் நிண்டு கிடந்தாலும் ஒண்டுமில்லை.

நான் வழுக்கி விழுந்தது மணிக்கணக்கில. போன் கேக்கிறது உம்மட நேரம், ஊர் நேரம் இல்லை. கோடையில நாங்கள் ஊருக்கு நாலரை மணித்தியாலம் பின்னால, குளிருக்கு ஐந்தரை. ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்க மணிக்கூட்டைத் திருப்புவாங்கள். அதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம், மணி மாறுற ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலமை ஆறு மணிக்கு என்ர அம்மாவுக்குப் போகவேணும் எண்டு, அண்டைய கணக்கில இரவு 1.30 வைச்சிட்டன். ஞாயிறு மணி மாறினதால வைக்கவேண்டியது 12.30. செய்தி ஏழு மணிக்குப் போச்சு. அம்மா அதுக்குள்ள கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட்டிட்டா. பிழை என்ரதான், போனைக் குறை சொல்ல ஏலாது. இப்ப செய்தி போகப்போற நாளின்ட வித்தியாசத்தைத்தான் எண்ணுறன்.

ஆறு மணிக்கு அனுப்பினா ஆறு மணிக்கே அம்மா காணுவா எண்டும் இல்லை. அங்க டேட்டா முடிஞ்சு கிடந்தா, திருப்பிப் போட்ட பிறகுதான் விழும். செய்திக்குக் கீழ Delivered எண்டு வந்தாத்தான் அவவின்ட போனுக்குப் போயிருக்கு.

இடையில மனம் மாறினா நேரத்துக்குப் பக்கத்தில இருக்கிற Edit ஐத் தட்டும். நேரத்தை மாத்தலாம், உடன அனுப்பலாம், அழிக்கவும் ஏலும்.

அம்மாவிட்ட ஐபோன் இல்லையெண்டா, வீட்டில தங்கச்சியிட்டயாவது இருந்தா அவவுக்கு வைச்சுவிடும், "அம்மாட்டக் காட்டு" எண்டு ஒரு வரியும் சேர்த்து.