பில்லைப் போனில் படம் எடுக்கையில் 8 ஏன் 3 ஆகிறது?

அக்கா, நான் எடுக்கிற படம் கண்ணுக்குத் தெளிவாத்தான் இருக்கு. படத்திலிருந்து எழுத்தை எடுக்கிற ஓசிஆர் மட்டும் 8ஐ 3 என்று வாசிக்குது. (உப்புவெளி, விடுதிக் கணக்கு)

தம்பி, நீங்கள் அனுப்பிய சீமெந்து பில்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் டியூப் லைட் பட்டு, 8இன் இடப்பக்கக் கோடு வெளுத்துவிட்டது. மிஞ்சி நிற்பது 3தான். 8 மூடை, ஒன்று 1,850, தொகை 14,800 என்பது பில். ஓசிஆர் 3 மூடை என்று எடுத்திருக்கிறது. பெருக்கினால் 5,550 வருகிறது, தொகையோ 14,800. இப்படியான பிழையைப் பிடிக்க, எக்செல்லில் B பத்தியில் எண்ணிக்கை, C பத்தியில் ஒன்றின் விலை, D பத்தியில் தொகை என்று வைத்து, ஒவ்வொரு வரிக்கும் இதைப் போடுங்கள்:

```
=B2*C2=D2
```

FALSE வந்த வரியை மட்டும் பில்லோடு ஒப்பிட்டால் போதும்.

இனி படத்துக்கு வருவோம். பில்லை மடிப்புக்கு எதிர்ப்பக்கமாக ஒருமுறை மடித்து, நீவி விடுங்கள். மேசையை ஜன்னலோரம் இழுத்து, வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்படி வையுங்கள். நேர்வெயில் வேண்டாம். தலைக்கு மேலுள்ள விளக்கை அணைத்து விடுங்கள். பளபளப்பும் உங்கள் கை நிழலும் அதனால்தான் வருகின்றன. கருமையான துணியை விரித்து அதன்மேல் பில்லை வைத்தால் ஓரம் தெளிவாகப் பிரியும். போன் கடதாசிக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். சரிந்தால் கீழ் வரிகள் சிறுத்து, பத்தி கலந்து, விலை ஒரு வரியிலும் பொருள் இன்னொரு வரியிலும் போய் விழும்.

ஃப்ளாஷ் போட்டால் நிழலே வராதே? நான் எப்பவும் அப்படித்தான் எடுக்கிறேன்.

நிழல் போவது உண்மைதான். மங்கலான சாதாரணக் கடதாசிக்கு அது சரிவரலாம். ஆனால் சூட்டால் எழுத்துப் பதியும் மினுக்கமான தெர்மல் பில்லில் வெள்ளை வட்டம் ஒன்று விழும். அந்த வட்டத்துக்குள் இருந்த எழுத்தை எந்த ஃபில்டரும் மீட்டுத் தராது. தெர்மல் பில்லை வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள். லொறியின் டாஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் முழுக் கடதாசியும் கறுத்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில்தான் கணக்காளருக்கு அனுப்புறன். அவர் வாசிக்க முடியல்லை என்கிறார்.

படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். ஏ4 தாளின் நீளப்பக்கம் 3,500 பிக்சல் அளவில் இருந்தால் சிறு எழுத்தும் தாங்கும். அதில் பாதிக்கும் கீழே இறங்கினால் புள்ளியும் கமாவும் முதலில் கரையும். Document ஆக அனுப்புங்கள், எடுத்த அளவிலேயே போய்ச் சேரும்.

கிண்ணியாவில் மீன் யாவாரம். என்ட பில் எல்லாம் கையெழுத்து, கார்பன் பிரதி. இதுக்கும் இதேதானா?

நான் இதுவரை சொன்னது அச்சு பில்லுக்கு, நானா. வெளிச்சமும் சமாந்தரமும் உங்களுக்கும் உதவும், ஆனால் கார்பன் பிரதியில் கோடே மங்கல். கிழித்துக் கொடுப்பதற்கு முன் மேல்தாளைப் படம் எடுத்து வையுங்கள். அப்படி எடுத்தும், தமிழ்க் கையெழுத்தில் உள்ள மீன் பெயர்களை எனக்கு ஒழுங்காக வாசித்துத் தந்த ஆப் இன்னும் கிடைக்கவில்லை. தொகையை நான் கையால்தான் பதிகிறேன். யாருக்காவது சரிவந்திருந்தால், எந்த ஆப் என்று எழுதுங்கள்.