கருவாட்டு லேபிள் ஏன் ஆறாவது லிங்க்கில் இருக்கிறது?

வணக்கம் சார்,

எனக்கு வயது 25. தண்டையார்பேட்டை. நான்கு வருடமாக ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். மாதவரத்தில் உணவு பாக்கெட் அச்சடிக்கிற ஒரு கம்பெனி ஆள் தேடுகிறது. "தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் லேபிள் அமைக்கத் தெரிந்தவர், வேலை மாதிரிகளோடு கடிதம் அனுப்பவும்" என்று விளம்பரத்தில் இருந்தது. நான் எழுதிய கடிதத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடைசியில் ஏழு லிங்க் போட்டிருக்கிறேன். நண்பன் எல்லாமே இருக்கட்டும் என்கிறான், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எதை வைப்பது, எதை எடுப்பது? லிங்க்குக்கு முன்னால் என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.

ம., தண்டையார்பேட்டை

அன்புள்ள ம.,

ஏழையும் நீங்கள் போட்டிருந்த வரிசையிலேயே திறந்து பார்த்தேன். அரை மணி நேரம் ஆனது. எனக்கு உங்கள் மேல் அக்கறை இருந்தது, அதனால் பார்த்தேன். மாதவரத்துக்காரர் முதல் லிங்க்கைத் தட்டுவார். முதல் லிங்க் உங்கள் இன்ஸ்டாகிராம். முதல் படம் ஒரு பைக். அடுத்தது வியாசர்பாடி மைதானத்தில் ஃபுட்பால். மூன்றாவதும் ஃபுட்பால். டிசைன் வேலைகள் கீழே எங்கேயோ ஒன்பது இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்வதற்குள் லாகின் செய்யச் சொல்லி ஒரு பெட்டி வந்து நிற்கிறது. கணக்கு இல்லாதவர் அதோடு மூடிவிடுவார். இன்ஸ்டாகிராமை எடுத்துவிடுங்கள்.

யூடியூப் லிங்க்கும் வேண்டாம். நண்பரின் கானா சேனலுக்கு நீங்கள் போட்ட தம்ப்நெயில்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்த லிங்க்கைத் தொட்டவர் பாட்டைத்தான் கேட்பார். நானே இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, எதற்காக வந்தேன் என்று யோசித்தேன். ஃபேஸ்புக்கைப் பற்றியும் இரண்டாவது இன்ஸ்டாகிராம் கணக்கைப் பற்றியும் எழுத எதுவும் இல்லை.

ஆறாவது லிங்க் கூகுள் டிரைவ். உள்ளே 64 கோப்புகள். பாதிக்கு வாட்ஸ்அப் வைத்த பெயர், மீதிக்கு final, final2. கோரல்டிரா கோப்புகளை அப்படியே போட்டிருக்கிறீர்கள். அந்த மென்பொருள் இல்லாதவரிடம் அவை திறக்காது. திறந்தாலும் உங்கள் கடையில் இருக்கிற தமிழ் எழுத்துரு அங்கே இருக்க வேண்டுமே. இதையெல்லாம் தாண்டி 41ஆவது கோப்பில்தான் அந்தக் கருவாட்டு பாக்கெட் லேபிளைப் பார்த்தேன். காசிமேட்டில் உங்கள் அத்தை இருக்கும் மகளிர் குழுவுக்காகச் செய்தது என்று பிறகு போனில் சொன்னீர்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

விளம்பரத்தை இன்னொரு முறை படியுங்கள். லேபிள், தமிழ், ஆங்கிலம். உங்களிடம் இருக்கிற அத்தனை வேலைகளிலும் இந்த மூன்றும் சேர்ந்திருப்பது அந்த ஒன்றில்தான். எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு நீங்கள் போட்ட ஆடித் தள்ளுபடி பேனர்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருபது அடி பேனரில் எழுத்து அமைப்பது வேறு, உள்ளங்கை அகலத்துக்குள் பெயர், சேர்மானம், நிகர எடை, எம்.ஆர்.பி., 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், தயாரிப்புத் தேதி எல்லாவற்றையும் இரண்டு மொழியில் நெரிசல் இல்லாமல் உட்கார வைப்பது வேறு. பாக்கெட் அச்சடிக்கிறவருக்கு இரண்டாவதுதான் தலைவலி. அதைச் செய்து முடித்தவர் என்று தெரிந்தால் அவர் உங்களைக் கூப்பிடுவார்.

லேபிளின் இரண்டு பதிப்புகளும் அந்த டிரைவில் இருந்தன. முதல் அச்சில் அசைவக் குறியாகப் பழுப்பு வட்டம் போட்டிருந்தீர்கள். அது பழைய குறி. உணவுப் பொருள் லேபிளுக்கான 2020 விதிகளில் அசைவத்துக்குச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்று மாற்றிவிட்டார்கள். வட்டம் சைவத்துக்கு மட்டும், பச்சையில். இரண்டாவது அச்சில் நீங்கள் அதைச் சரிசெய்திருக்கிறீர்கள். யாராவது சொன்னார்களா என்று கேட்டதற்கு, "கடையில மத்த பாக்கெட்டைப் பாத்தேன் சார், வித்தியாசமா இருந்துச்சு" என்றீர்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்காகவே உங்களை நேரில் வரச் சொல்வேன். நீங்களோ முதல் பதிப்பை வெட்கப்பட்டு மறைக்கப் பார்க்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வைக்க வேண்டிய இடம், டிசைனர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ் தளம். அதைப் பார்க்க லாகினும் தேவையில்லை, கோரல்டிராவும் தேவையில்லை, அதனால் டிரைவை விட நல்லது. இப்போது அங்கே உங்களுடைய 12 வேலைகள் இருக்கின்றன. நான்கு, ஆன்லைன் வகுப்பில் பயிற்சிக்காகப் பெரிய கம்பெனிகளின் லோகோவை மாற்றிப் போட்டவை. பயிற்சி என்று அவற்றின் மேல் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால், அந்தக் கம்பெனிக்கு இவர் வேலை செய்தாரா, பொய் சொல்கிறாரா என்று பார்க்கிறவர் யோசிப்பார். கருவாட்டு லேபிளைப் புதிய வேலையாக ஏற்றுங்கள். முழு லேபிள், எழுத்துப் பகுதி மட்டும் நெருக்கமாக, அப்புறம் பாக்கெட்டில் ஒட்டிய பிறகு எடுத்த போட்டோ. அத்தையிடமும் குழுவிடமும் கேட்டுக்கொண்டு போடுங்கள். லேபிளில் நுகர்வோர் தொடர்புக்கென்று இருப்பது அத்தையின் சொந்த மொபைல் எண்ணாக இருந்தால் படத்தில் அதை மறைத்துவிடுங்கள்.

கடிதத்தில் கொடுக்க வேண்டியது உங்கள் பிஹான்ஸ் முகப்பின் முகவரி அல்ல, இந்த ஒரு வேலையின் முகவரி. வேலையைத் திறந்தால் மேலே முகவரியில் gallery என்ற சொல் வரும், அது. முகப்பைக் கொடுத்தால் பதின்மூன்றில் எதைத் திறப்பது என்பதை அவரிடம் விட்டுவிடுகிறீர்கள். மற்றதையும் பார்க்கத் தோன்றினால் அங்கேயே உங்கள் பெயரைத் தட்டிப் போய்க்கொள்வார்.

இனி லிங்க்குக்கு முன்னால் என்ன எழுதுவது. உங்கள் கடிதத்தில் "எனது படைப்புகளைக் காண கீழ்க்கண்ட இணைப்புகளைச் சொடுக்கவும்" என்று இருக்கிறது. இது யாருக்கும் எதையும் சொல்லவில்லை. திறந்தால் என்ன இருக்கும், அதில் உங்கள் கை எது, எங்கே பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் சொன்னால், திறக்க நேரமில்லாதவருக்குக்கூட விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன், உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"காசிமேட்டில் கருவாடு விற்கும் ஒரு மகளிர் குழுவுக்கு 100 கிராம், 250 கிராம் பாக்கெட்டுகளுக்கான லேபிளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தேன். வடிவமைப்பும் எழுத்தமைப்பும் என்னுடையவை. மீன் படத்தை வரைந்தவர் வேறொருவர். முதல் அச்சில் அசைவக் குறி பழைய முறையில் இருந்தது, இரண்டாவது அச்சில் திருத்தினேன். இரண்டு பதிப்புகளையும் கீழே உள்ள பக்கத்தில் அருகருகே பார்க்கலாம்."

அதற்குக் கீழே தனி வரியில் முகவரி. மீன் படம் உங்களுடையது இல்லை என்று எழுதுவதில் தயக்கம் வேண்டாம். நேர்முகத்தில் "இதே மாதிரி ஒரு இறால் வரையுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்?

முகவரி தனி வரியில் இருக்கட்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வரியின் கடைசியில் வைத்து ஒரு முற்றுப்புள்ளியும் போட்டால், சில இடங்களில் புள்ளியும் முகவரியோடு ஒட்டிக்கொண்டு பக்கம் திறக்காது. "இங்கே" என்ற சொல்லுக்குள் முகவரியை ஒளித்து வைப்பதும் கூடாது. கடிதத்தை அச்செடுத்து முதலாளி மேசையில் வைக்கிற அலுவலகங்கள் இன்னும் நிறைய. காகிதத்தில் "இங்கே" என்பதைத் தட்ட முடியாது. அதேபோல, வேர்டில் எழுதியதை பிரிண்ட் வழியாக பி.டி.எஃப். ஆக்கினால் லிங்க் வெறும் எழுத்தாகிவிடும். சேவ் அஸ் வழியாக மாற்றுங்கள், லிங்க் உயிரோடு இருக்கும். செயலியிலிருந்து பகிர்ந்து எடுத்த முகவரி என்றால் கேள்விக்குறிக்குப் பின்னால் ?igsh=, ?utm_source= என்று ஒரு வால் இருக்கும். அதை வெட்டிவிட்டு, வெட்டிய பிறகும் திறக்கிறதா என்று பாருங்கள். முகவரியைச் சுருக்கித் தரும் தளங்கள் வேண்டாம். எங்கே போகிறது என்று தெரியாத லிங்க்கை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்க யாருக்கும் மனம் வராது.

லிங்க்டுஇன் மீதி இருக்கிறது. அதில் உங்கள் வேலை "சேல்ஸ் எக்சிகியூட்டிவ்" என்று இருக்கிறது. பழைய வேலையாக இருக்க வேண்டும். கடையில் சேர்ந்த வருடமும் கடிதத்தில் ஒன்று, அங்கே ஒன்று. கொடுக்காமல் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பெயரைத் தேடினால் அது முதலில் வரக்கூடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்துங்கள். பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒட்டியிருக்கிற முகவரியையும் அங்கேயே சுருக்கமாக மாற்றிக்கொள்ளலாம். திருத்திய பிறகு கடிதத்தின் தலைப்பில், போன் எண்ணுக்குப் பக்கத்தில் போடுங்கள். அதற்கு அறிமுகம் எதுவும் தேவையில்லை. திருத்த நேரமில்லை என்றால் போடாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. உங்கள் போனில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது, உங்கள் போன் உங்களுக்கு எல்லாவற்றையும் திறந்துவிடும். இன்காக்னிட்டோவில் திறங்கள், அல்லது வேறு யாராவது போனில். நான் இதை ஒரு முறை செய்யாமல் விட்டேன். பெரம்பூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடிய காலம். ஒரு பத்திரிகைக்கு என் கட்டுரைகளை டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினேன். பதிலே இல்லை. மூன்று வாரம் கழித்து, நான் எப்போதாவது திறக்கும் ஒரு பழைய மெயிலில் அனுமதி கேட்டு அவர்கள் அனுப்பிய கோரிக்கை கிடந்தது. டிரைவில் பகிர்வு முதலில் Restricted என்றுதான் இருக்கும். அதை Anyone with the link என்று மாற்றினால்தான் வெளியாள் பார்க்க முடியும். எனக்கு அது அப்போது தெரியாது. அதற்குள் அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் டிரைவுக்கு நேர் எதிரான பிரச்சினை, அது யாருக்கும் திறக்கிறது. கடையில் அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் பதினொன்று அதில் இருக்கின்றன. இறந்தவரின் முகம், வீட்டு முகவரி, சிலதில் மகன்களின் மொபைல் எண்கள்கூட. அவர்கள் உங்களிடம் போஸ்டர் அடிக்கக் கொடுத்தார்கள், வேலை தேடக் கொடுக்கவில்லை. கடிதம் நாளை போகட்டும், அந்தக் கோப்புறையை இன்றைக்கே மூடிவிடுங்கள்.